பெஸ்ட் கன்ட்ரோல் வருட ஒப்பந்தம்: எந்தக் கொட்டேஷன் மலிவு?

கேள்வி: சென்னையில் ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், 1100 சதுர அடி. கிச்சனில் கரப்பான் தொல்லை. ஒருத்தர் சதுர அடிக்கு 3.50 ரூபாய், 3 சர்வீஸ், நடுவில் பூச்சி தெரிந்து கூப்பிட்டால் காசில்லாமல் வந்து பார்க்கும் "ஃப்ரீ கால்பேக்" என்கிறார், ஜிஎஸ்டி தனி. இன்னொருத்தர் எல்லாம் சேர்த்து 5,200, 4 சர்வீஸ், "அன்லிமிடெட் கால்பேக்". எதை எடுக்கலாம்?

பதில்:

முதல் ஆள் எந்தப் பரப்பளவுக்குக் கணக்குப் போட்டிருக்கிறார் என்று பாருங்கள். பத்திரத்தில் 1100 என்பது பெரும்பாலும் சூப்பர் பில்டப். மாடிப்படி, லிஃப்ட், வராந்தாவில் உங்கள் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். அங்கெல்லாம் அவர் மருந்து வைக்கப் போவதில்லை. 1100 × 3.50 = 3,850, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 693, ஆக 4,543 ரூபாய். வீட்டுக்குள் இருக்கும் தரைப்பரப்பு மட்டும், அதாவது கார்பெட் ஏரியா, 800 என்று வைத்துக்கொண்டால் அதே ரேட்டில் 2,800 + 504 = 3,304 ரூபாய்தான். கார்பெட் ஏரியாவுக்குத்தான் பில் போடணும் என்று கேளுங்கள், பலரும் இறங்கி வருவார்கள். கரப்பான் வேலை நடப்பது கிச்சனிலும் பாத்ரூமிலும்தான். ஹால் பெரிதாக இருப்பதால் மருந்துச் செலவு பெரிதாகக் கூடிவிடாது.

அடுத்தது சர்வீஸ் எண்ணிக்கை. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். மூன்றா நான்கா என்பதைவிட எந்தெந்தத் தேதியில் வருகிறார்கள் என்பதுதான் முக்கியம். கிச்சனில் வருவது பெரும்பாலும் சின்னப் பழுப்புக் கரப்பான். தலைக்குப் பின்னால் ரெண்டு கருங்கோடு இருக்கும். அதன் முட்டைக்கூட்டுக்குள் 30, 40 முட்டை இருக்கும். ஜெல்லோ ஸ்ப்ரேயோ அந்தக் கூட்டுக்குள் இருப்பதைக் கொல்வதில்லை. முட்டை பொரிய ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். முதல் சர்வீஸில் பெரியவை செத்து வீடு சுத்தமானது போலத் தெரியும். நாலாவது வாரத்தில் எறும்பு அளவுக் குஞ்சுகள் சிங்க் அடியில் ஓடும். அடுத்த சர்வீஸ் நாலு மாதம் கழித்து என்றால் அதற்குள் அந்தக் குஞ்சுகளே வளர்ந்து முட்டை போட்டுவிடும். அதனால் முதல் சர்வீஸ் முடிந்து நாலு முதல் ஐந்து வாரத்துக்குள் ரெண்டாவது சர்வீஸ், மிச்சத்தை மூன்று, நான்கு மாத இடைவெளியில் என்று ஒப்பந்தத்தில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள். காசு கூடாமல் கிடைக்கிற பெரிய லாபம் இதுதான்.

இப்போது கால்பேக். முதல் ஆளின் ஒப்பந்தத்தில் "சர்வீஸிலிருந்து 30 நாளுக்குள்" என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால், 3 சர்வீஸுக்கு 90 நாள்தான் உங்களுக்குப் பாதுகாப்பு. மிச்சம் 275 நாள் கூப்பிட்டால் காசு. குஞ்சு பொரிகிற நேரமும் அந்த 30 நாள் முடிகிற விளிம்பிலேயே வந்து நிற்கும்! 45 நாள் கேளுங்கள்.

அன்லிமிடெட் சொல்பவரிடம் ரெண்டு கேள்வி. கால்பேக்கில் வந்ததை அடுத்த சர்வீஸாகக் கழித்துக்கொள்வீர்களா? கழித்தால் 4 சர்வீஸ் என்பது பேருக்குத்தான். ரெண்டாவது, கால்பேக்கில் என்ன செய்வீர்கள்? ஜெல் வைத்த இடத்தில் வெறும் ஸ்ப்ரே அடித்துவிட்டுப் போனால் கெடுதல்தான். ஸ்ப்ரே வாடை பட்ட ஜெல்லைக் கரப்பான் தின்னாது. ஷெல்ஃப் கீல், சிங்க் அடி, ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், அடுப்பு மேடையின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களில் காய்ந்த ஜெல்லைத் துடைத்துவிட்டு சின்னச் சின்னப் பொட்டாகப் புதிது வைக்கணும். நீங்களும் அந்த இடங்களை பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள்.

கூப்பிடும் நேரமும் முக்கியம். ஜெல் வைத்த முதல் சில நாள் பகலிலேயே கரப்பான் தள்ளாடி வெளியே வரும், அது மருந்து வேலை செய்வதுதான். ரெண்டு வாரம் கழித்தும் உயிரோடு ஓடினாலோ, பிறகு குஞ்சு தெரிந்தாலோ கூப்பிடுங்கள். பாத்ரூம் ஜாலி வழியே வரும் பெரிய செம்பழுப்புக் கரப்பான் வேறு கதை. அது டிரெயினேஜ் சேம்பரிலிருந்து வருவது. அசோசியேஷன் சேர்ந்து சேம்பருக்கு மருந்து போடாமல் உங்கள் ஒப்பந்தம் எத்தனை கால்பேக் கொடுத்தாலும் அது நிற்காது.

கரையானும் மூட்டைப்பூச்சியும் இந்தப் பொது ஒப்பந்தத்தில் பெரும்பாலும் சேராது. "எல்லாப் பூச்சியும்" என்று வாயால் சொன்னாலும் பேர் பேராக எழுதி வாங்குங்கள்.

உங்கள் ரெண்டு கொட்டேஷனில், 5,200 சொன்னவர் கால்பேக்கை சர்வீஸில் கழிக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அவரையே எடுப்பேன்; சர்வீஸுக்கு 1,300 விழுகிறது. எழுதித் தர மறுத்தால், முதல் ஆளிடம் கார்பெட் ஏரியாவுக்கு 3,304, 45 நாள் கால்பேக் என்று பேசி முடியுங்கள். யாராக இருந்தாலும் மொத்தப் பணத்தையும் முன்னாடியே கொடுக்காதீர்கள். பாதி முதல் சர்வீஸ் அன்று, மீதி அந்த ஐந்தாவது வார சர்வீஸ் முடிந்த பிறகு.