கண் முகாம் செய்திக் குறிப்பு: முதல் பத்தியிலேயே முகாம் முடிந்துவிட வேண்டும்

கேள்வி: பத்தமடையில எங்க வாசகர் வட்டம் சார்பா இலவசக் கண் பரிசோதனை முகாம் நடத்துறோம். பேப்பருக்குச் செய்திக் குறிப்பு எப்படி எழுதணும்? போன தடவை ஒரு பக்கம் எழுதிக் குடுத்தும் தலைவர் பேரெல்லாம் வந்துச்சு, எத்தனை மணிக்குன்னு வரல.

பதில்:

நேரம் விழுந்துபோனதற்குக் காரணம் அது குறிப்பின் அடியில் இருந்திருக்கும் என்பதுதான். உள்ளூர்ப் பக்கத்தில் இடம் எவ்வளவு கிடைக்கும் என்பது அன்றைக்கு வந்த விளம்பரத்தைப் பொறுத்தது. ஆறு மணிக்குப் பன்னிரண்டு வரி இருந்த இடம் எட்டு மணிக்கு ஐந்து வரியாகச் சுருங்கும். அப்போது பக்கம் போடுகிறவர் உங்கள் குறிப்பை முழுதாகப் படித்து முக்கியமானதைப் பொறுக்கிக்கொண்டிருக்க மாட்டார், கீழிருந்து வெட்டுவார். நம்மூரில் எழுதுகிற குறிப்பு பெரும்பாலும் அழைப்பிதழைப் பார்த்து எழுதப்படுகிறது. அழைப்பிதழில் தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்து, நன்றியுரைக்கு மேலே ஒரு ஓரத்தில்தான் நேரமும் இடமும் இருக்கும். அதே வரிசையில் எழுதினால் வெட்டுப்படுவதும் அவைதான்.

ஆகவே குறிப்பை ஒரே பத்தியாக நினைத்து எழுதுங்கள். அதற்குக் கீழே வருவதெல்லாம் போனாலும் பரவாயில்லை என்கிற அளவுக்கு முதல் பத்தி நிறைந்திருக்க வேண்டும். உங்கள் முகாமுக்கு இப்படி எழுதலாம் (தேதி, இடம், நேரம் எல்லாம் மாதிரிக்குத்தான்):

"பத்தமடையில் ஜூலை 12 ஞாயிற்றுக்கிழமை இலவசக் கண் பரிசோதனை முகாம் நடைபெறுகிறது. பேருந்து நிறுத்தத்தை அடுத்துள்ள சமுதாய நலக்கூடத்தில் காலை 8.30 மணிக்குப் பெயர்ப் பதிவு தொடங்கும். பகல் 12 மணி வரை வருபவர்கள் பரிசோதிக்கப்படுவர். நூலக வாசகர் வட்டமும் (மருத்துவமனை பெயர்) கண் மருத்துவமனையும் இணைந்து நடத்தும் இம்முகாமுக்கு முன்பதிவும் கட்டணமும் இல்லை. தொடர்புக்கு: (இரண்டு கைபேசி எண்கள்)."

நான்கு வாக்கியமும் தொடர்பு எண்களும்தான். இதில் ஒவ்வொன்றும் ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், உங்கள் ஊருக்கு மாற்றி எழுத வசதியாக இருக்கும்.

தேதியோடு கிழமையும் சேர்ந்தே இருக்க வேண்டும். "வருகிற ஞாயிறு" என்று எழுதினால், நீங்கள் வியாழக்கிழமை கொடுத்த குறிப்பு ஞாயிறு காலைப் பேப்பரில் வந்தால், படிப்பவர் அடுத்த ஞாயிறு என்று எடுத்துக்கொள்வார். "நாளை" இன்னும் மோசம். அந்தச் சொல்லைப் போட வேண்டியது பேப்பர்க்காரர்கள். எந்த நாள் பேப்பரில் வருகிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கிழமை சேர்த்து எழுதுவதில் இன்னொரு பலனும் உண்டு. 12 என்பதை யாராவது 13 என்று தட்டிவிட்டால் கிழமை ஒத்துப்போகாமல் உதைக்கும், உதவி ஆசிரியர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்பார். கிழமை இல்லாத தப்பு அப்படியே அச்சில் ஏறிவிடும். எழுதி முடித்ததும் நாள்காட்டியைப் பார்த்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.

"காலை 9 மணி அளவில்" என்பது கல்யாண வீட்டுக்குச் சரி. கண் முகாமுக்கு வருகிறவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு நேரம்: பதிவு எப்போது தொடங்கும், கடைசியாக எத்தனை மணிக்குள் வர வேண்டும். "பகல் 2 மணி வரை முகாம்" என்று மட்டும் போட்டால் ஒன்றரை மணிக்குப் பாட்டியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்குவார்கள், டாக்டர் கிளம்பிக்கொண்டிருப்பார். பதிவை எத்தனை மணிக்கு நிறுத்துவார்கள் என்று மருத்துவமனையின் முகாம் அமைப்பாளரிடம் கேட்டு அதைப் போடுங்கள்.

இடத்தைச் சொல்லும்போது உள்ளூர்க்காரருக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். பத்தமடைக்காரருக்குப் பேப்பரே தேவையில்லை, ஆட்டோவில் மைக் கட்டினால் போதும். பேப்பரைப் பார்த்து வருகிறவர் கரிசூழ்ந்தமங்கலத்திலிருந்தோ மேலச்செவலிலிருந்தோ சேரன்மகாதேவியிலிருந்தோ வருகிறவர். "அம்மன் கோவில் அருகில்" என்றால் எந்த அம்மன்? "மேலத்தெரு" எல்லா ஊரிலும் உண்டு. எந்த ஸ்டாப்பில் இறங்க வேண்டும், இறங்கினால் எதிரே எது இருக்கும் என்று ஒரு தொடரில் சொல்லிவிட்டால் போதும். அம்பாசமுத்திரம் பக்கம் முகாம் வைப்பவர்கள் மாவட்டப் பெயரிலும் கவனமாக இருக்க வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது கடையம், ஆலங்குளம் எல்லாம் அங்கே போய்விட்டன. பழக்கத்தில் "நெல்லை மாவட்டம் கடையம்" என்று எழுதினால் குறிப்பு தப்பான பக்கத்துக்குப் போய்ச் சேரலாம்.

"பொதுமக்கள் கலந்துகொண்டு பயன்பெறுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். அது எந்தக் கேள்விக்கும் பதில் இல்லை. அந்த இடத்தில் இரண்டாம் பத்தியாக, வருகிறவர் கையில் என்ன கொண்டு வர வேண்டும் என்று எழுதுங்கள். கண் முகாமில் இது உண்மையிலேயே முக்கியம். பரிசோதனைக்குக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரத்துக்குப் பக்கத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெயிலில் கண் கூசும்; பைக் ஓட்டிக்கொண்டு போக முடியாது. ஆகவே துணைக்கு ஒருவர் வேண்டும். கண்புரை முற்றியிருந்தால் பல மருத்துவமனைகள் அன்றைக்கே வண்டியில் ஏற்றி அழைத்துப் போய்விடும். வீட்டில் சொல்லாமல், மாற்றுத் துணி இல்லாமல் வந்தவர் அப்போது திரும்பிப் போய்விடுவார். பிறகு அவர் வருவது சந்தேகம்தான். அந்தப் பத்தி இப்படி இருக்கலாம்:

"முகாமுக்கு வருபவர்கள் ஆதார் நகல், தற்போது அணியும் கண்ணாடி, சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரைச் சீட்டு ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும். துணைக்கு ஒருவர் உடன் வருவது நல்லது. கண்புரை அறுவைச் சிகிச்சைக்குத் தேர்வு செய்யப்படுவோர் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவதால் மாற்று உடைகளுடன் வர வேண்டும்."

இதிலுள்ள ஒவ்வொரு வரியையும் மருத்துவமனையிடம் உறுதி செய்துகொண்ட பிறகே எழுதுங்கள். சில இடத்தில் அன்றே அழைத்துப் போக மாட்டார்கள், வேறு தேதி கொடுப்பார்கள். "கண்ணாடி இலவசம்" என்று ஆர்வத்தில் போட்டுவிட்டு முகாமில் பணம் கேட்டால் ஊரே உங்கள் வாசகர் வட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ளும். மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கமும் சேர்ந்து நடத்துகிறது என்றால் அந்தப் பெயரை மருத்துவமனை தரும் நோட்டீசில் உள்ளபடியே எழுத வேண்டும், சுருக்கக் கூடாது.

பெயர்கள் மூன்றாம் பத்தியில். யார் தொடங்கி வைக்கிறார், யார் தலைமை என்று முதலெழுத்து, பதவியோடு இரண்டு மூன்று பேர் போதும். "அண்ணாச்சி பேரு கடைசியிலயா?" என்று ஒரு முணுமுணுப்பு வரத்தான் செய்யும். முகாம் முடிந்ததும் படத்தோடு இன்னொரு குறிப்பு கொடுக்கப்போகிறோம், அதில் உங்கள் பெயர்தான் முதலில் என்று சொல்லிச் சமாளியுங்கள். பொய்யும் இல்லை. நடந்து முடிந்த செய்தியில் யார் வந்தார்கள் என்பதுதான் செய்தி. நடக்கப்போகிற செய்தியில் எங்கே, எப்போது என்பதுதான் செய்தி.

நடையைப் பொறுத்தவரை, "நமது", "எங்கள்", "அனைவரும் வருக" எல்லாம் வேண்டாம். நிருபர் எழுதியதுபோல் படர்க்கையில் இருந்தால் அவர் கை வைக்க வேண்டிய வேலை குறையும். அவர் கை வைக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு தப்பு நுழைய வாய்ப்பு இருக்கிறது.

அனுப்பும் முறையிலும் இதே நியாயம்தான். லெட்டர்பேடில் எழுதி, படம் பிடித்து வாட்சப்பில் அனுப்பினால் அவர் அதைப் பார்த்துத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும். 8.30 மணி 9.30 ஆவது அங்கேதான். யூனிகோடில் தட்டச்சு செய்து செய்தியாகவே ஒட்டி அனுப்புங்கள். கையெழுத்து, முத்திரையுள்ள லெட்டர்பேடின் படத்தைக் கூடவே தனியாக அனுப்பலாம், குறிப்பு யாரிடமிருந்து வந்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். டிடிபி கடையில் அடித்து வாங்கிய வேர்டு கோப்பை மட்டும் அனுப்ப வேண்டாம். அது பாமினி எழுத்துருவில் இருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் "தமிழ்" என்ற சொல் `jkpo;` என்று தெரியும். நிருபர் அதை மூடி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் புதன்கிழமை மதியத்துக்குள் உங்கள் பகுதி நிருபர் கையில் குறிப்பு இருக்க வேண்டும். அவர் பெரும்பாலும் பகுதிநேரமாகப் பார்ப்பவர், வேறு பிழைப்பும் இருக்கும். கொடுத்த அன்றே அனுப்பிவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. வெள்ளி, சனி இரண்டு நாளில் ஒருநாள் வந்தால் ஞாயிறு காலை ஆள் வருவார்கள். பத்து நாளுக்கு முன்பே கொடுப்பதும் வீண், ஓரமாக வைத்து மறந்துவிடுவார்கள். வியாழன் மாலை ஒரு போன் போட்டு "கிடைச்சுதா அண்ணாச்சி, ஏதாவது சேக்கணுமா?" என்று மட்டும் கேளுங்கள். குறிப்பில் கொடுத்த இரண்டு எண்ணும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை எடுக்கிற எண்களாக இருக்கட்டும். பக்கம் போடும் நேரத்தில் ஒரு சந்தேகம் வந்து, நீங்கள் எடுக்கவில்லை என்றால் அந்த வரியை நீக்கிவிடுவார்கள், சில சமயம் குறிப்பையே.

நீண்ட செய்தியாக வராவிட்டாலும் அன்றைய நிகழ்ச்சிகள் பட்டியலில் ஒரு வரியாவது வரும். அதையும் நீங்களே எழுதிக் குறிப்பின் தலையில் வைத்துவிடுங்கள்: "இலவசக் கண் பரிசோதனை முகாம்: சமுதாய நலக்கூடம், பேருந்து நிறுத்தம் அருகில், பத்தமடை, காலை 8.30 முதல் 12 மணி வரை." எவ்வளவு வெட்டினாலும் இந்த வரிக்குக் கீழே போக முடியாது.

அனுப்புவதற்கு முன்னால் முதல் பத்தியை மட்டும் விட்டு மீதியைக் கையால் மறைத்துக்கொண்டு, முகாமைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். "எத்தனை மணிக்குள்ள வரணும், எங்க இறங்கணும், துட்டு உண்டா?" என்று கேளுங்கள். எதற்காவது அவர் உங்கள் கையை விலக்கிக் கீழே பார்த்தால், அந்த விவரத்தை மேலே ஏற்றுங்கள்.

கொடுத்த பிறகு இடமோ நேரமோ மாறினால் பழைய குறிப்பைத் திருத்தி மறுபடி அனுப்பாதீர்கள். இரண்டில் எது புதிது என்று நிருபருக்குத் தெரியாது. "திருத்தம்" என்று தலைப்பிட்டு, முன்பு சொன்ன நேரம் எது, இப்போது எது என்று இரண்டே வரியில் எழுதி அனுப்பிவிட்டுப் போனிலும் சொல்லிவிடுங்கள்.