திசை தெரியாத நீச்சல்

வணக்கம். பாக்டீரியா கசையிழையை ஆட்டி நீந்தி, உணவு இருக்கும் பக்கம் போகும் என்று என் மகளின் பாடத்தில் இருக்கிறது. கண்ணும் மூளையும் இல்லாத ஒற்றைச் செல்லுக்கு, உணவு எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?
ரேவதி

அன்புள்ள ரேவதி,

எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. தெரியாமலே போய்ச் சேர்கிறது. நம் குடலில் வாழும் ஈ.கோலையை வைத்துச் சொல்கிறேன்.

கசையிழை மீன்வால் போல ஆடுவதில்லை, சுழல்கிறது. ஒவ்வொரு இழையின் அடியிலும் செல்லுறையில் பதிந்த மோட்டார் ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே பாயும் புரோட்டான்கள் அதை ஓட்டுகின்றன. 1974-ல் சில்வர்மேனும் சைமனும் இழையைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தார்கள். இழை நகர முடியாததால் செல்லே சுற்றியது.

மோட்டார்கள் இடஞ்சுழியாகச் சுற்றும்போது இழைகள் ஒன்றாகத் திரண்டு செல்லை நேராகத் தள்ளுகின்றன. சுமார் ஒரு நொடி இந்த ஓட்டம். அப்புறம் ஏதாவது ஒரு மோட்டார் வலஞ்சுழிக்கு மாறினால் திரட்சி பிரிகிறது, செல் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தடுமாறுகிறது. அடுத்த ஓட்டம் எந்தத் திசையில் என்பது தற்செயல்தான்.

அந்தச் செல்லின் நீளம் 2 மைக்ரான். முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள உணவுச் செறிவின் வித்தியாசம் மிகச் சிறியது. அதனால் அது இடத்தை ஒப்பிடுவதில்லை, நேரத்தை ஒப்பிடுகிறது. இதை 1972-ல் மெக்னாபும் கோஷ்லண்டும் சால்மோனெல்லாவில் காட்டியது எனக்கு மிகப் பிடித்த சோதனை. பாக்டீரியா நீந்தும் நீரில் செரின் என்ற அமினோ அமிலத்தைச் சட்டென்று கலந்து செறிவை உயர்த்தினார்கள். கலந்து முடித்த நீரில் எல்லாப் பக்கமும் ஒரே அளவு செரின், போவதற்கென்று ஒரு திசையே இல்லை. ஆனாலும் அவை தடுமாறாமல் நேராக ஓடின. செறிவைச் சட்டென்று குறைத்தபோது தடுமாறிக்கொண்டே இருந்தன. சற்று நேரத்தில் இரண்டுமே பழைய நடத்தைக்குத் திரும்பிவிட்டன. ‘சற்று முன்பைவிட இப்போது கூடியிருக்கிறதா’ என்பதுதான் அவற்றின் கேள்வி.

அந்தச் ‘சற்று முன்பு’ எங்கே பதிவாகிறது? செல்லின் முனையில் கூட்டமாக இருக்கும் ஏற்பிப் புரதங்களில். உணவு மூலக்கூறு ஏற்பியில் ஒட்டியதும், மோட்டாரைத் தடுமாறச் சொல்லும் சிஒய் என்ற புரதத்தின் செயல்நிலை குறைகிறது. அதனால் ஓட்டம் நீள்கிறது. இதற்கிடையே நொதிகள் ஏற்பியில் மீத்தைல் குழுக்களை மெதுவாகச் சேர்த்து அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. உணர்வது வேகம், ஈடுகட்டுவது தாமதம். இந்த இடைவெளியான சில நொடிகள்தான் அதன் நினைவு.

ஆக, உணவை நோக்கிய ஓட்டங்கள் நீள்கின்றன. விலகும் ஓட்டங்கள் ஏறக்குறைய வழக்கமான நீளத்திலேயே நிற்கின்றன. இந்த ஒரு பக்கச் சாய்வு போதும்.

தடுமாறுவது வீண் என்று உங்கள் மகள் நினைக்கலாம். சிஒய் மரபணுவை நீக்கிய ஈ.கோலை தடுமாறுவதே இல்லை, நேராக மட்டும் ஓடும். அகார் என்ற இளகிய கூழின் நடுவில் சாதாரண ஈ.கோலையை வைத்தால் சில மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் வளையமாக வெளியே பரவும். நேராக ஓடும் வகை அகாரின் முட்டுச்சந்துகளில் சிக்கி, வைத்த இடத்தை அதிகம் தாண்டாது.

அன்புடன்.