ஆட்டோவில் ஏறும் முன்பே எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போடுவது எப்படி?

"மாதம் ஒருமுறை அம்மாவை வேளச்சேரியிலிருந்து ராயப்பேட்டையில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கூட்டிப்போகிறேன். ஆப்பில் காலை ஆறரைக்கு 210 ரூபாய் காட்டுகிறது, எட்டரைக்குப் பார்த்தால் 310. தெருமுனை ஸ்டாண்டில் கேட்டால் 400, வெயிட்டிங் தனி என்கிறார்கள். எது நியாயம்? கிளம்பும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?" (வாசகி, வேளச்சேரி)

உங்களுக்கு வேண்டியது இரண்டே தொகைதான். இதற்குக் கீழே யாரும் வரமாட்டார்கள் என்று ஒன்று, இதற்கு மேலே கொடுக்கத் தேவையில்லை என்று ஒன்று. இரண்டையும் வீட்டிலேயே போட்டுவிடலாம்.

கீழ்த்தொகை அரசு கட்டணத்திலிருந்து வருகிறது. 2013 ஆகஸ்டில் தமிழக அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்தது இது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12, நின்றால் ஐந்து நிமிடத்துக்கு 3 ரூபாய் 50 காசு. மேல்தொகை, 2025 பிப்ரவரியில் ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே அறிவித்த கட்டணத்திலிருந்து வருகிறது: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50, அப்புறம் கிலோமீட்டருக்கு 18, காத்திருப்பு நிமிடத்துக்கு ஒன்றரை ரூபாய். சங்கக் கட்டணத்துக்குச் சட்ட பலம் கிடையாது. ஆனால் ஓட்டுநர்களே 'இது போதும்' என்று கேட்ட தொகை என்பதால், பேரத்தில் அதைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குக் கிடைக்காது.

மேப்பில் உங்கள் வீட்டிலிருந்து மருத்துவமனை கேட் வரை 11 கிலோமீட்டர் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். முதலில் 1.8-ஐக் கழித்துவிடுங்கள், மீதி 9.2. அரசு கணக்கில் 9.2-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 110 ரூபாய் 40 காசு, அதோடு 25 சேர்த்தால் 135 சொச்சம். சங்கக் கணக்கில் 9.2-ஐப் பதினெட்டால் பெருக்கி 50 சேர்த்தால் 215 சொச்சம். பலர் அந்த 1.8-ஐக் கழிக்க மறந்து 11-ஐயும் முழுசாகப் பெருக்கிவிடுகிறார்கள். அங்கேயே இருபது, முப்பது ரூபாய் கூடிவிடுகிறது.

135-க்கு யாராவது வருவாரா என்று கேட்காதீர்கள், வரமாட்டார். 2013-ல் சென்னையில் பெட்ரோல் லிட்டர் 75 ரூபாய் வாக்கில் இருந்தது, பிறகு நூறைத் தாண்டிவிட்டது. ஆட்டோ கட்டணத்தை மட்டும் 2025 தொடக்கம் வரை யாரும் தொடவில்லை. யாராலும் பின்பற்ற முடியாத ஒரு கட்டணத்தைச் சட்டம் என்று வைத்துக்கொண்டிருந்தால் மீட்டர் மூடிக்கிடக்கத்தான் செய்யும். ஓட்டுநரைத் திட்டி என்ன பயன்? மீட்டர் போடாததற்கு அவர் சொல்லும் காரணத்தை அவருக்குக் கொடுத்ததே கோப்பைத் தூங்கவைத்தவர்கள்தான். என்றைக்குப் புதிய அறிவிப்பு வந்தாலும் மேலே உள்ள எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், கணக்கு இதேதான்.

தூரம் பார்க்கும்போது ஒரு விஷயம். மேப்பில் கார் படத்தை அழுத்திப் பாருங்கள், பைக் படத்தையோ நடக்கும் ஆள் படத்தையோ அல்ல. போகும்போதும் வரும்போதும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒருவழிப் பாதையும் யூ-டர்னும் உள்ள ஊரில் திரும்பி வரும் வழி ஒரு கிலோமீட்டர் கூடுதலாக இருப்பது சாதாரணம். அதற்காக ஓட்டுநர் 20 ரூபாய் சேர்த்துக் கேட்டால் அது நியாயமானதே.

இப்போது அந்த 400-க்கு வருவோம். 'காலையில செம டிராஃபிக் மேடம்' என்பதுதான் காரணமாக இருக்கும். டிராஃபிக்குக்கும் கணக்கு உண்டு. சிக்னலிலும் நெரிசலிலும் மொத்தமாகக் கால் மணி நேரம் வண்டி நின்றுவிட்டது என்றே வையுங்கள். அரசு கட்டணத்தில் அதற்கு 10 ரூபாய் 50 காசு, சங்கக் கட்டணத்தில் 22 ரூபாய் 50 காசு. ஆக, ஓட்டுநர்களின் சொந்தக் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் உங்கள் பயணத்துக்கு நெரிசல் நேரத்தில் 240 ரூபாய்தான் வருகிறது. அவசரம், மழை, உடம்பு முடியாதவர் கூட இருக்கிறார் என்றால் 260 வரை கொடுங்கள். 400 என்பது உங்கள் கையில் இருக்கும் மருத்துவமனைப் பையைப் பார்த்துச் சொல்லும் விலை.

ஆப்பில் ஏறிய விலை வேறு ரகம். அந்த நேரத்தில் அந்தப் பகுதியில் கேட்பவர்கள் அதிகம், வண்டி குறைவு என்றால் ஆப் விலையை ஏற்றிவிடுகிறது. எத்தனை மடங்கு ஏற்றியிருக்கிறது என்பது பெரும்பாலும் திரையில் இருக்காது, நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு நெரிசல் இல்லாத நேரத்து விலை ஒன்று கையில் இருக்க வேண்டும். உங்களிடம் இருக்கிறது: 210. எட்டரை மணி விலையான 310-ஐ 210-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மத்திய அரசின் 2020 வழிகாட்டு நெறிமுறை மாநில அரசின் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரை அனுமதித்தது, 2025 ஜூலையில் வந்த புதியது இரண்டு மடங்கு என்று தளர்த்திவிட்டது. அடிப்படைக் கட்டணத்தையே திருத்தாமல் வைத்திருந்துவிட்டு அதில் எத்தனை மடங்கு என்று விதி பேசுவது வேடிக்கைதான். அதனால் சட்டத்தைத் தேடாமல் உங்கள் 210-ஐயே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மடங்கைத் தாண்டினால் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சர்ஜ் என்று சொல்லும் இந்த விலையேற்றம் பெரும்பாலும் அலை மாதிரி ஏறி இறங்கும். ஓபி சீட்டு வாங்க ஏழு மணிக்கே போக முடியும் என்றால் இந்தப் பிரச்சினையே உங்களுக்குக் கிடையாது.

ஆப்பில் இன்னொரு கண்ணி. சில ஆப்களில் இப்போது ஆட்டோ ஓட்டுநரிடம் சவாரிக்கு இவ்வளவு என்று கமிஷன் பிடிப்பதில்லை, சந்தாவாக வாங்கிக்கொள்கிறார்கள். பணத்தை நீங்கள் நேராக ஓட்டுநரிடம் கொடுக்கிறீர்கள். அதனால் திரையில் தெரிவது ஒரு பரிந்துரை என்ற அளவில்தான் நிற்கிறது. ஓட்டுநர் போன் செய்து 'எங்க டிராப், எவ்ளோ காட்டுது, மேல அம்பது போட்டுத் தருவீங்களா' என்று கேட்பது இதனால்தான். ஏற்கெனவே சர்ஜ் ஏறிய விலைக்கு மேல் இந்த ஐம்பதைக் கொடுக்காதீர்கள், ஒரே நெரிசலுக்கு இரண்டு முறை பணம் கொடுத்ததாகிவிடும். சாதாரண நேரத்து 210-க்கு மேல் இருபது முப்பது கேட்டால் மட்டும் யோசிக்கலாம்.

அடுத்தது வெயிட்டிங். மருந்துக் கடையில் இருபது நிமிடம் நிறுத்தினால் சங்கக் கணக்கிலேயே 30 ரூபாய்தான். அதற்கு வண்டியை நிறுத்தி வைப்பதில் தவறில்லை. மருத்துவமனைக்கு உள்ளே போகும்போது மட்டும் வண்டியை அனுப்பிவிடுங்கள். மூன்று மணி நேரம் காத்திருந்தால் அதே கணக்கில் 270 ரூபாய், திரும்ப வரும் கட்டணம் தனி. நண்பகலில் புதிதாக ஒரு ஆட்டோ பிடித்தாலே 210-க்கு வீடு வந்து சேர்ந்துவிடுவீர்கள். டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று யாருக்கும் தெரியாத இடத்தில் வெளியே வண்டியை நிறுத்திவைத்தால் உள்ளே உட்காரவே மனசு வராது.

இரவுக் கட்டணத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் விடிகாலையில் கிளம்புபவர்களை இதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள். இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஐம்பது சதவீதம் கூடுதல் கேட்கலாம், அரசு கட்டணத்திலேயே அதற்கு இடம் உண்டு. ஐம்பது சதவீதம் என்றால் பாதி. 215-க்கு நூற்றுச் சொச்சம் சேர்த்து 323, அவ்வளவுதான். 'நைட்டு டபுள்' என்று ஒரு வழக்கு ஓடுகிறதே, அது எந்தக் கட்டணத்திலும் கிடையாது. இரண்டாவது, 5 மணி என்றால் 5 மணி. ஐந்தரைக்கு இருட்டாக இருக்கிறது என்பதற்காக அது இரவாகிவிடாது. மார்கழியில் ஆறு மணிக்குக்கூட இருட்டாகத்தான் இருக்கும். மூன்றாவது, நாலே முக்காலுக்கு ஏறி ஐந்தேகாலுக்கு இறங்கினால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். பேசி ஏறுகிறீர்கள் என்றால் ஏறும் முன்பே அதையும் பேசி முடித்துவிடுங்கள், கால் மணி நேரம் பொறுத்தால் நூறு ரூபாய் மிச்சம் என்றால் பொறுத்துக் கிளம்புங்கள். நாலாவது, ஆப் விலைக்கு மேல் இரவுக் கட்டணம் என்று தனியாக யாரும் கேட்க முடியாது. இரவு நேரம் என்பது ஆப்புக்கும் தெரியும், ஏற்ற வேண்டியதை அது ஏற்றித்தான் காட்டியிருக்கும்.

கடைசியாக, திரும்பி வரும்போது உங்கள் பணம் எங்கே போகிறது என்பது. பெரிய மருத்துவமனை, ரயில் நிலையம், பேருந்து நிலையம், எங்கே போனாலும் கேட்டைத் தாண்டுமுன்பே 'ஆட்டோவா மேடம், எங்க போணும்' என்று ஒருவர் பையைப் பிடிப்பார். அவர் ஓட்டுநர் அல்ல, புரோக்கர். கண்டுபிடிப்பது எளிது: கையில் சாவி இருக்காது, காக்கிச் சட்டை இருக்காது, விலை பேசியதும் உங்களை வேறொருவர் வண்டியில் ஏற்றிவிட்டு அங்கேயே நின்றுவிடுவார். அவருக்குப் போகும் ஐம்பதோ நூறோ உங்கள் தலையில்தான் விழுகிறது, ஓட்டுநருக்குப் போய்ச் சேர்வதில்லை. அதே ஓட்டுநரை நீங்களே நேரில் கேட்டிருந்தால் அந்த நூறு குறைந்திருக்கும். இவர்களை அப்புறப்படுத்த ஒரு போலீஸ்காரரை வாசலில் நிறுத்தினால் போதும். நிறுத்தியும் இருக்கிறார்கள், அவர் நிழலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சென்ட்ரல் போன்ற இடங்களில் ப்ரீபெய்டு ஆட்டோ கவுண்டர் இருந்தால் அங்கே சீட்டு வாங்கிவிடுங்கள். இல்லாத இடத்தில் கேட்டிலிருந்து நூறு, இருநூறு அடி தள்ளி மெயின் ரோட்டுக்கு நடந்து, ஓடிவரும் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்துங்கள். அம்மாவால் நடக்க முடியாது என்றால் அவரை உள்ளேயே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய் வண்டியோடு வாருங்கள்.

பேசும்போது முழுசாகப் பேசிவிடுங்கள்: 'வேளச்சேரி, வீட்டு வாசல் வரைக்கும், ரெண்டு பேருக்கும் சேர்த்து, நடுவுல மருந்துக் கடையில பத்து நிமிஷம், 240.' 'ரெண்டு பேருக்கும் சேர்த்து' என்பதை விட்டுவிட்டால் இறங்கும்போது 'ஆளுக்குன்னுதான் சொன்னேன்' என்று ஆரம்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர் சரி என்ற பிறகு, அம்மா ஏறும் முன், வண்டியின் நம்பர் பிளேட்டைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போனால் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.