வினையை ஒருமுறை மட்டும் எழுதலாமா?

“‘கண்ணன் கதையும் மாலா கவிதையும் எழுதினாள்’ என்று எழுதினேன். தவறு என்கிறார் நண்பர். வினையை இருமுறை எழுதத்தான் வேண்டுமா?”

வேண்டியதில்லை. உங்கள் வாக்கியத்தில் வினையை விட்டது பிழையன்று, மிஞ்சிய வினையின் விகுதிதான் பிழை. ‘உம்’ சேர்த்து முன்வாக்கியத்தின் வினையை நீக்கும்போது, இறுதியில் நிற்கும் ஒரே வினை இரு எழுவாய்களுக்கும் பொதுவாகிவிடுவதால், ‘எழுதினார்கள்’ என்ற பன்மையே பொருந்தும்.

வினையை முதலில் சொல்லிப் பின்னர் விட்டால் நிலைமை வேறு. ‘கண்ணன் கதை எழுதினான், மாலா, கவிதை’ என்பதில் ‘எழுதினாள்’ என்று ஆண்பால் விகுதியைப் பெண்பாலாக மாற்றி நாமே நிரப்பிக்கொள்கிறோம். பேச்சில் இது மிக இயல்பு. கட்டுரை நடையில் சற்றே துண்டுபட்டு ஒலிக்கும் என்பது என் கருத்து.

ஆனால் காலத்தை அப்படி மாற்றி நிரப்ப முடியாது. ‘கண்ணன் நேற்று வந்தான்; மாலா நாளை’ என்றால் காது ஏற்பதில்லை, ஏனெனில் விடுபட்ட ‘வருவாள்’ காட்டும் எதிர்காலம் முன்னே வினையில் எங்கும் சொல்லப்படவில்லை.

வேற்றுமை உருபையும் வினையோடு சேர்த்து விட்டுவிடக் கூடாது. ‘கண்ணனுக்குக் கதை பிடிக்கும், மாலாவுக்குக் கவிதை’ என்பது சரி. அங்கே ‘மாலா கவிதை’ என்று நிறுத்தினால், ‘பிடிக்கும்’ என்ற வினை கேட்கும் ‘கு’ உருபு இல்லாததால், வாசகர் விடுபட்ட வினையை மீட்க வழியின்றித் தடுமாறுவார்.