நிலக்கடலை வேரில் இளஞ்சிவப்பு உருண்டைகள்: நோயா?

கேள்வி: என் தொடக்கநிலை 5 வகுப்புப் பையன் ஒருவன், வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் வளர்த்த நிலக்கடலைச் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்தான். வேர் முழுக்கக் கடுகளவு உருண்டைகள். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. "ஏன் டீச்சர் ரத்தம் மாதிரி இருக்கு?" என்கிறான். பக்கத்துத் தொட்டிச் செடியில் ஒன்றுகூட இல்லை. எது நல்ல செடி? அவனுக்கு என்ன சொல்வது?

பதில்: ரத்தம் மாதிரி என்று அவன் சொன்னது வெறும் தோற்றமல்ல. அந்த நிறத்தைத் தருவது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். நம் ரத்தத்துக்குச் சிவப்பைத் தரும் ஹீமோகுளோபினைப் போலவே இதுவும் இரும்புச் சத்தைச் சுமந்து ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். அந்த நிறம் உருண்டை வேலை செய்வதன் அடையாளம், அதனால் உருண்டை உள்ள செடியே நல்ல செடி.

உருண்டைக்குள் ரைசோபிய வகைப் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்குப் பயன்படும் அம்மோனியாவாக மாற்றுவது அவற்றின் வேலை. அதைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய சக்தியைப் பெற பாக்டீரியா சுவாசிக்க வேண்டும், அதற்கு ஆக்சிஜன் இல்லாமல் முடியாது. இந்த இக்கட்டைத் தீர்க்கத்தான் செடி லெக்ஹீமோகுளோபினைச் செய்கிறது. அது ஆக்சிஜனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். பையனிடம் இதை மட்டும் சொன்னால் போதும், நொதியின் பெயர் இப்போதைக்கு வேண்டாம்.

நோய் என்ற உங்கள் பயமும் நியாயமானதே. வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலும் வேரில் கட்டிகள் வரும். கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ரைசோபிய உருண்டை வேரின் பக்கத்தில் ஒட்டியிருப்பதால் எளிதில் கழன்று வரும். நூற்புழுவின் கட்டி வேரே வீங்கியது என்பதால், வேர் கிழியாமல் வராது. பிளேடால் வெட்டினால் உடனே பாருங்கள், காற்றுப் பட்டால் நிறம் மங்கும். உள்ளே வெள்ளையாக இருந்தால் உருண்டை இன்னும் இளசு அல்லது வேலை செய்யவில்லை. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் அது முதிர்ந்து ஓய்ந்துவிட்டது. அறுவடைக்கு நெருங்கிய செடியில் அது இயல்பு.

பக்கத்துத் தொட்டிச் செடி ஏன் வெறுமையாக இருக்கிறது? அவனிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். புதுப் பையிலிருந்து கொட்டிய மண்ணா? உரம் போட்டானா? கடையில் வாங்கும் மண்கலவையில் இந்தப் பாக்டீரியா பெரும்பாலும் இருக்காது. நைட்ரஜன் உரம் தாராளமாகக் கிடைத்தாலோ, செடி பாக்டீரியாவைச் சேர்த்துக்கொள்ள அக்கறை காட்டாது. இலை கரும்பச்சையாக இருந்து வேரில் உருண்டை இல்லையென்றால், எனக்கு முதல் சந்தேகம் உரத்தின் மேல்தான்.

வகுப்பிலேயே சோதித்துவிடலாம். உரமில்லாத புதுக் கலவையில் இரண்டு தொட்டி வையுங்கள். ஒன்றில் மட்டும், சமூகத் தோட்டத்தில் பயற்றங்காய் விளைந்த பாத்தியின் மண்ணை அனுமதி கேட்டு ஒரு கைப்பிடி கலக்குங்கள். பயற்றங்காயில் குடியேறும் பாக்டீரியாக்கள் நிலக்கடலைக்கும் ஒத்துவரும். 40 நாள் கழித்து இரண்டையும் பிடுங்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். இழுத்துக் கழுவினால் உருண்டைகள் உதிர்ந்துவிடும். பிறகு பிளேடை நீங்கள் பிடித்து வெட்டுங்கள், நிறத்தை அவன் எழுதட்டும்.