உறையின் பின்னால் இருக்கும் தெரு

கேள்வி: ஐயா, நகராட்சி அலுவலகத்தில் மனுப் பிரிவு எழுத்தராகச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. சென்ற வாரம் தபாலில் ஒரு மனு வந்தது. "எங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு மூன்று வாரமாகக் கழிவுநீர் ரோட்டில் ஓடுகிறது. முனை வீட்டுக்கு எதிரே குழியின் மூடியும் உடைந்து கிடக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் அந்த வழியாகத்தான் போகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். எந்தத் தெரு, எந்த வார்டு என்று ஒரு இடத்திலும் இல்லை. பெயர், கையெழுத்து, அவ்வளவுதான். உறையின் பின்புறம் மட்டும் ஒரு முகவரி இருக்கிறது. அந்தத் தெருவாகத்தான் இருக்கும் என்று வைத்துச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பிவிடலாமா? எங்கள் மேலாளர், "விவரம் போதாது என்று எழுதி முடித்துவிடு" என்கிறார். என்ன செய்வது?
- ஒரு புதிய எழுத்தர்

பதில்: இரண்டும் வேண்டாம். கடிதம் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன்பு இன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது.

மனுவில் உங்கள் கண் முதலில் நின்றிருக்க வேண்டிய இடம் உடைந்த மூடி. கழிவுநீர் மூன்று வாரமாக ஓடுகிறது, இன்னும் நான்கு நாள் ஓடினால் நாற்றம் கூடும், அவ்வளவுதான். திறந்து கிடக்கும் குழி அப்படியல்ல. தண்ணீர் தேங்கிவிட்டால் குழி இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தபால் போய்த் திரும்பும்வரை காத்திருக்கக் கூடாது. எல்லா வார்டுகளின் துப்புரவு ஆய்வாளர்களுக்கும் ஒரு தொலைபேசி அழைப்பு: "உங்கள் பகுதியில் முனை வீட்டுக்கு எதிரே மூடி உடைந்த குழி, பக்கத்தில் கழிவுநீர் ஓடும் தெரு, பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழி. அப்படி ஏதாவது உண்டா?" பெரும்பாலும் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். தெருப் பெயர் இல்லாத மனுவிலும் இடத்தின் அடையாளம் இருக்கும். அவர் சொன்னால் உடனே தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். ஆனால் மனுதாரர் சொல்லும் இடம் அதுதான் என்று மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரே ஊரில் இரண்டு மூடிகள் உடைந்திருப்பது அதிசயமில்லை.

இனி உறையின் பின்புறத்துக்கு வருகிறேன். அந்த முகவரி மனுதாரருக்குக் கடிதம் போய்ச் சேர வேண்டிய இடத்தைச் சொல்கிறது. குறை இருக்கும் இடத்தைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. நானும் ஒருகாலத்தில் உங்களைப் போலவே நினைத்தவன்தான். பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, இதே மாதிரி ஒரு மனுவில் உறையில் இருந்த தெருவை எழுதி அனுப்பினேன். பணியாளர்கள் போனார்கள், பார்த்தார்கள். "நேரில் பார்வையிட்டதில் குறைபாடு ஏதும் காணப்படவில்லை" என்று அறிக்கை வந்தது. அதையே மனுதாரருக்குப் பதிலாக அனுப்பிக் கோப்பை முடித்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு முதியவர் கையில் என் கடிதத்தோடு வந்தார். குறை அவருடைய தெருவில். மனுவை எழுதித் தபாலில் சேர்த்தது வேறு பகுதியில் குடியிருந்த அவர் மகன். உறையில் மகன் முகவரி. "எங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லையே, எப்படி இல்லை என்று எழுதினீர்கள்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

தவறான தெருவுக்கு அனுப்புவது, ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட மோசமானது என்று அன்றுதான் புரிந்தது. ஒன்றும் செய்யாவிட்டால் மனு நிலுவையில் இருக்கும், யாராவது கேட்பார்கள். தவறான இடத்தைப் பார்த்து "குறை இல்லை" என்று எழுதிவிட்டாலோ அது பதிவேட்டில் உண்மையாகிவிடும். அடுத்த மனு வந்தாலும், "ஏற்கெனவே பார்த்தாயிற்று" என்று தள்ளிவிடுவார்கள்.

உங்கள் மேலாளர் சொல்லும் "விவரம் போதாது" கடிதம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். "தங்கள் மனுவில் போதிய விவரங்கள் இல்லாததால் உரிய விவரங்களுடன் மீண்டும் விண்ணப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது." அதைப் படிக்கும் மனிதருக்கு எந்த விவரம் இல்லை என்பதே தெரியாது. தன் தெரு தனக்குத் தெரியும், அதனால் எழுதியதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். திரும்பவும் அதே மனுவை, இன்னும் கோபமாக, இன்னும் நீளமாக எழுதுவார். தெருப் பெயர் அப்போதும் இருக்காது. "மீண்டும் விண்ணப்பி" என்ற சொல்லால் அவர் முதலில் எழுதிய தேதியும் எண்ணும் போய்விடும். மூன்று வாரக் குறை புதுக் குறையாகிவிடும்.

நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"அன்புடையீர், தெருவில் கழிவுநீர் ஓடுவது குறித்தும் உடைந்த மூடி குறித்தும் தாங்கள் அனுப்பிய மனு கிடைத்தது. அதற்கு மேலே கண்ட எண் கொடுக்கப்பட்டுள்ளது. மனுவில் தெருவின் பெயர் இல்லாததால் பணியாளர்களை எந்த இடத்துக்கு அனுப்புவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. கழிவுநீர் ஓடும் தெருவின் பெயரையும் அதற்கு அடுத்த தெருவின் பெயரையும், மூடி உடைந்த இடத்துக்கு நேர் எதிரே உள்ள வீட்டின் கதவு எண்ணையும் தெரிவிக்க வேண்டுகிறோம். அருகிலுள்ள விளக்குக் கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதையும் குறிப்பிடலாம். வார்டு எண் தெரியாவிட்டால் எழுத வேண்டியதில்லை. அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். புதிய மனு தேவையில்லை. இந்தக் கடிதத்தின் அடியிலேயே எழுதித் திருப்பி அனுப்பலாம். உடைந்த மூடி ஆபத்தானது என்பதால், கீழ்க்கண்ட தொலைபேசி எண்ணில் தெருப் பெயரை மட்டும் இன்றே சொன்னாலும் போதும்."

இதில் வார்டைக் கேட்காமல் விட்டதை உங்கள் மேலாளர் குறை சொல்லக்கூடும். வார்டு என்பது அலுவலகத்துக்குத் தேவையான எண், மனுதாரருக்குத் தேவையானதல்ல. தெருவும் கதவு எண்ணும் கிடைத்தால் தெருப் பட்டியலைப் பார்த்து வார்டை நீங்களே எழுதிவிடலாம். அவரைக் கேட்டால், எல்லை மாற்றத்துக்கு முன்பு இருந்த பழைய எண்ணைச் சொல்வார். பத்து ஆண்டுக்கு முன்பு வாங்கிய ரசீதைப் பார்த்து எழுதுகிறவர்களும் உண்டு. தெருப் பெயர் சரியாக இருந்து வார்டு எண் தவறாக இருக்கும் மனு, வார்டே இல்லாத மனுவைவிட அதிகமாக அலையும். தபால் பிரிவில் இருப்பவர் எண்ணை மட்டும் பார்த்துப் பிரித்து அனுப்பிவிடுவார் அல்லவா?

அடுத்த தெருவின் பெயரைக் கேட்டதற்கும் காரணம் உண்டு. அவர் "பள்ளிக்கூடத் தெரு" என்று பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் திறந்தால் அந்தப் பெயரில் மூன்று தெருக்கள் இருக்கும். பள்ளி இருக்கும் பகுதியிலெல்லாம் அந்தப் பெயர் முளைத்துவிடுகிறது. "அடுத்த தெரு கிணற்றுத் தெரு" என்று ஒரு சொல் சேர்ந்தால் மூன்றில் இரண்டு கழிந்துவிடும். அதன் பிறகும் வேலை முடியவில்லை. மிஞ்சிய தெரு இரண்டு வார்டுகளுக்கு நடுவில் எல்லையாக ஓடினால், இடது வரிசை ஒரு வார்டு, வலது வரிசை இன்னொரு வார்டு. இங்கேதான் கதவு எண் கைகொடுக்கிறது. ஒரு பக்கம் ஒற்றைப்படை, மறுபக்கம் இரட்டைப்படை என்று எண்ணிட்ட தெருவாக இருந்தால், "22-க்கு எதிரே" என்ற ஒரு சொல்லே குழி எந்தப் பக்கம் என்று காட்டிவிடும். அவர் எழுதியது பழைய எண்ணா புதிய எண்ணா என்பதை மட்டும் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். கம்ப எண் இருந்தால் அந்தச் சந்தேகமும் இல்லை.

கைப்பேசியில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம், ஆனால் குழியின் பக்கத்தில் நின்றுகொண்டு அனுப்பச் சொல்லுங்கள். மாலையில் வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து அனுப்பினால் அவருடைய வீட்டுக்குத்தான் ஆட்கள் போவார்கள். வரைபடத்தில் வரும் இரண்டு எண்களைப் பார்த்து எழுதுகிறவராக இருந்தால், புள்ளிக்குப் பின்னால் ஐந்து இலக்கங்கள் வேண்டும். ஐந்தாம் இலக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டரைக் குறிக்கும். மூன்றோடு நிறுத்திவிட்டால் நூறு மீட்டர் வரை தள்ளிப்போகலாம், அது அடுத்த தெரு. ஐந்து இலக்கம் எழுதினாலும் கைப்பேசி சில மீட்டர் பிசகும், நெருக்கமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் கூடுதலாக. அதனால் கதவு எண்ணைக் கைவிடாதீர்கள்.

கடிதம் போன பிறகு மனுவை "முடிக்கப்பட்டது" என்று பதிவேட்டில் போடாதீர்கள். "இடம் கேட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது, பதில் எதிர்பார்க்கப்படுகிறது" என்று தேதியோடு எழுதுங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு நினைவூட்டல். அதற்கும் வராவிட்டால் கோப்பை என்றைக்கும் திறந்து வைத்திருக்க முடியாது, முடிக்கத்தான் வேண்டும். அப்போதும் "குறை இல்லை" என்று எழுதாமல், "இடம் தெரியாததால் பார்வையிட முடியவில்லை, விவரம் கிடைத்தால் இதே எண்ணில் தொடரப்படும்" என்று எழுதுங்கள். மேலாளர் கையெழுத்திட மறுக்கமாட்டார். நிலுவைக் கணக்கு குறைகிறதா என்பதுதான் அவருக்குக் கவலை, எந்தச் சொல்லால் குறைகிறது என்பதல்ல.

இன்னொன்று. அந்த உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல அலுவலகங்களில் மனுவைப் பிரித்து எடுத்ததும் முதலில் போவது அதுதான். இந்த மனுவில் அவருடைய முகவரி இருக்கும் ஒரே இடம் அது. மனுவின் பின்னால் வைத்துக் குத்தி, பக்க எண் போட்டுவிடுங்கள்.