வாடகைக்கு விட அசோசியேஷன் என்ஓசி: எது கட்டாயம், எது வழக்கம்?

கேள்வி: ராமநாதபுரத்தில் எனக்கு ஒரு ஃபிளாட் இருக்கு. நான் துபாயில் வேலை பார்க்கிறேன். தம்பி மூலமா வாடகைக்கு விடப் பார்த்தால், "என்ஓசி, அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்காமல் ஆள் குடிவரக் கூடாது, அதுக்கு ஐயாயிரம் கட்டணும்" என்கிறார் அசோசியேஷன் செயலாளர். இதைக் கட்டித்தான் ஆகணுமா?

செயலாளர் சொல்வதற்காக மட்டும் கட்ட வேண்டியதில்லை. வீட்டை வாடகைக்கு விடுவது உங்கள் உரிமை. அதில் அசோசியேஷனுக்கு உள்ள அதிகாரம், சங்க விதிகளான பைலாவில் எழுதியிருக்கும் அளவுதான். அதனால் முதல் வேலையாகப் பைலா நகலைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால், அவர்கள் கொடுக்கும் ரசீதின் தலைப்பில் சங்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எண் இருந்தால் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் மனு போட்டுச் சான்றிட்ட நகல் எடுக்கலாம். எண்ணே இல்லையென்றால் அது பதிவாகாத குழுவாக இருக்கலாம். அப்படிப்பட்ட குழு வாய்மொழியாக விதிக்கும் கட்டணத்துக்கு அடிப்படை ஏதும் இல்லை.

"வாடகைக்கு விட்டால் அசோசியேஷன் 10 சதவீதம் கூடுதலாக வாங்கலாம்" என்று இணையத்தில் படித்துவிட்டு இங்கே பலரும் சண்டை போடுகிறார்கள். அது மகாராஷ்டிராவின் கூட்டுறவு வீட்டுவசதி சங்கங்களுக்கு 2001-இல் அந்த மாநில அரசு போட்ட உச்சவரம்பு. அங்கே பெரும்பாலும் சங்கம்தான் கட்டடத்தின் சொந்தக்காரர், குடியிருப்பவர் அதில் பங்கு வைத்திருக்கும் உறுப்பினர். நம் பக்கம் உங்கள் கிரயப் பத்திரத்திலேயே நிலத்தின் பிரிபடாத பங்கு உங்கள் பெயரில் இருக்கும். அசோசியேஷன் பெரும்பாலும் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானதாக இருக்கும். அந்த 10 சதவீதக் கணக்கு இங்கே செல்லாது.

ஆனாலும் அசோசியேஷன் நியாயமாகக் கேட்கக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, பராமரிப்புப் பாக்கி. பொதுச் செலவில் தன் பங்கைக் கட்டுவது ஒவ்வொரு உரிமையாளரின் கடமை. இரண்டாவது, யார், எத்தனை பேர் குடிவருகிறார்கள் என்ற விவரம். நம் கடற்கரைப் பகுதியில் இந்தத் தலைக்கணக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை. போர்த் தண்ணீர் உப்பு, காவிரிக் குடிநீர் முறை வைத்துத்தான் வரும், மீதிக்கு லாரி. மூன்று பேர் என்று சொல்லிவிட்டு ஏழு பேரைக் குடிவைத்தால் சம்ப் காலியாவது பக்கத்து வீட்டுக்காரருக்கும்தான். ஆள் எண்ணிக்கையை மறைக்காதீர்கள்.

உங்கள் தம்பி "என்ஓசி வேண்டி விண்ணப்பம்" என்று எழுதக் கூடாது. "குடித்தனக்காரர் வருகை பற்றிய தகவல்" என்று எழுத வேண்டும். அனுமதி கேட்டால் மறுக்க இடம் கொடுத்ததாகிவிடும். வீட்டு எண், குடிவரும் தேதி, பெரியவர் சிறியவர் எத்தனை, வண்டி எண்கள், வீடு குடியிருப்புக்கு மட்டுமே பயன்படும் என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். இரண்டு நகல் எடுத்து ஒன்றில் செயலாளரின் கையெழுத்தும் தேதியும் வாங்கிவிட வேண்டும். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளலாம். ஆதார் கேட்டால் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை அச்செடுத்து, அதன் குறுக்கே "குடித்தனப் பதிவுக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட விடாதீர்கள்.

பணம் எப்படிப் பிரியும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு. மாதப் பராமரிப்பு 1,500 ரூபாய், மூன்று மாதப் பாக்கி 4,500, மோட்டார் பழுதுக்கு உங்கள் பங்கு 1,200, அதற்கு மேல் என்ஓசிக் கட்டணம் 5,000 என்று கேட்கிறார்கள். 4,500-ஐ உடனே வங்கி வழியாகக் கட்டி, எந்தெந்த மாதத்துக்கு என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். 1,200-க்குப் பில்லைக் கேளுங்கள், காட்டினால் கட்டிவிடுங்கள். 5,000-க்கு மட்டும், "எந்தப் பைலா விதி, எந்தத் தேதி பொதுக்குழுத் தீர்மானம்?" என்று எழுத்தில் கேளுங்கள். லிஃப்ட், படிக்கட்டு சேதத்துக்கான திரும்பத் தரும் முன்பணம் என்றால் அந்தச் சொல் ரசீதில் இருக்க வேண்டும். "நன்கொடை" என்று ரசீது போட்டால் அந்தப் பணம் திரும்ப வராது. பாக்கியையும் சேர்த்து நிறுத்தி வைத்துச் சண்டை போடுவதுதான் பலர் தோற்கும் இடம். பாக்கி இருக்கும்வரை நியாயம் செயலாளர் பக்கம்தான்.

மறுப்புக்குக் காரணம் மதம், சாப்பாடு, கல்யாணம் ஆகாதவர் என்றால் அதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்தில் வராது, பேச்சும் அதோடு அடங்கும். நாள் வாடகை வேறு விஷயம். ராமேஸ்வரம் பக்கம் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ஃபிளாட்டை யாத்ரீகர்களுக்கு நாள் கணக்கில் விடுவதைப் பைலா தடுத்திருந்தால் அசோசியேஷன் சொல்வதே சரி. அது குடித்தனம் ஆகாது, தங்கும் விடுதித் தொழில்.

இதற்கிடையில் நிஜமாகவே சட்டப்படி கட்டாயமான பதிவு விட்டுப்போகிறது. 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறப் பகுதியில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தான 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். tenancy.tn.gov.in தளத்தில் ஒப்பந்தம், இருவரின் அடையாளச் சான்று, சொத்து ஆவணம் ஆகியவற்றை ஏற்றினால் குடித்தனப் பதிவு எண் கிடைக்கும். "பதினோரு மாத ஒப்பந்தம்தானே" என்று இதை விடக் கூடாது. பதினோரு மாதக் கணக்கு சார்பதிவாளர் அலுவலகப் பதிவுக்கானது. ஒரு வருடத்துக்கு மேல் என்றால் அங்கேயும் பதிய வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம். வாடகை அதிகாரியிடம் பதியாத ஒப்பந்தத்தைக் காட்டி, நாளைக்கு வாடகை நின்றாலோ வீட்டைக் காலி செய்ய மறுத்தாலோ அந்தச் சட்டத்தில் நிவாரணம் கேட்பது கஷ்டம். காவல்துறைச் சரிபார்ப்பு இதிலிருந்து தனி. வேண்டுமென்றால் eservices.tnpolice.gov.in தளத்தில் விண்ணப்பிக்கலாம்.

நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால், தம்பி உங்களுக்காகக் கையெழுத்துப் போட வாய்ச்சொல் போதாது. துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பொது அதிகாரப் பத்திரம் வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் செல்லுபடி பற்றிக் கேள்வி எழும். "வாடகைக்கு விடவும், ஒப்பந்தத்தில் கையெழுத்திடவும், வாடகை அதிகாரி முன்னும் அசோசியேஷன் முன்னும் ஆஜராகவும்" என்ற வரி அதில் இருக்கட்டும். வாடகை வசூல் என்று மட்டும் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு தம்பியால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட முடியாது.

குடித்தனக்காரர் காலி செய்யும்போதும் இதேபோல் ஒரு தகவல் கடிதம் கொடுத்து, பாக்கி இல்லை என்ற ரசீதையும் அந்தத் திரும்பத் தரும் முன்பணத்தையும் அன்றைக்கே வாங்கிவிடச் சொல்லுங்கள். சாவி கைமாறிய பிறகு பழைய தண்ணீர் லாரிப் பங்கை யாரிடம் கேட்பது என்ற தகராறு வந்தால், அது உரிமையாளரான உங்கள் தலையில்தான் விடியும்.